இரண்டு பாட்டை ஒரே ஓட்டத்தில் பாட: பொதுக் கார்டு வழியாக மெட்லி இணைக்கும் முறை

மெட்லி பாடும் குழுக்களைக் கவனித்துப் பாருங்கள். பாட்டுகளைத் தனித்தனியாகப் பாடச் சொன்னால் இரண்டும் நன்றாகவே இருக்கும். முதல் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிற நாலைந்து பாரில்தான் கீபோர்டு ஒரு பக்கமும் குரல்கள் இன்னொரு பக்கமும் போகும். அந்த நாலைந்து பாரை எப்படிக் கட்டுவது என்பது மட்டுமே இங்கே.

எடுத்துக்காட்டுக்குக் கேரல் குழுக்கள் எல்லாவற்றுக்கும் தெரிந்த இரண்டு பாட்டுகளை எடுத்துக்கொள்கிறேன்: ‘சைலன்ட் நைட்’, ‘ஜாய் டு த வேர்ல்ட்’. தமிழ் வரிகளில் பாடினாலும் மெட்டு அதேதான். இந்த ஜோடியை வேண்டுமென்றேதான் எடுத்தேன். ஒன்று மூன்று பீட், மெதுவாகப் போய்க் கீழ் ஸ்வரத்தில் முடியும். மற்றது நான்கு பீட், எடுத்த எடுப்பிலேயே உச்சியில் தொடங்கும். இதை இணைக்கத் தெரிந்தால் மற்ற ஜோடிகள் பெரும்பாலும் இதைவிடச் சுலபம்.

1. தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

இரண்டு பாட்டுக்கும் கார்டு சார்ட் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் சார்ட்டை அப்படியே நம்பாமல், உங்கள் குழு உண்மையில் வாசிக்கும் கார்டுகளை எழுதுங்கள். இணைப்பு நடக்கப்போவது முதல் பாட்டின் கடைசி வரியிலும் இரண்டாம் பாட்டின் முதல் வரியிலும்தான். அதனால் அந்த இரண்டு வரியிலாவது பார் பாராகத் துல்லியம் வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு பாட்டுக்கும் நாலு விஷயம்: மிகக் கீழ் ஸ்வரம், மிக மேல் ஸ்வரம், எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறது, எதில் முடிகிறது. இவற்றை A, B என்று எழுதாமல் ஸ ரி க ம என்று எழுதுங்கள். ஸ்கேல் இன்னும் முடிவாகவில்லை. ஸ்வரமாக எழுதினால் எந்த ஸ்கேலுக்கு மாற்றினாலும் குறிப்பு செல்லும்.

நம் ஜோடியில், சைலன்ட் நைட் நடு ப-வில் தொடங்குகிறது. கீழ் எல்லை ஸ. மேல் எல்லை மேல் ஸ்தாயி ம. முடிவது கீழ் ஸ-வில். ஜாய் டு த வேர்ல்டின் வீச்சு ஒரே ஒரு ஆக்டேவ்தான், ஸ-விலிருந்து மேல் ஸ வரை. தொடக்கம் மேல் ஸ.

2. எது முன்னே, எது பின்னே

வரிசையை ஸ்கேலுக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஏனென்றால் A-யிலிருந்து D-க்குப் போகும் வழியும் D-யிலிருந்து A-க்குத் திரும்பும் வழியும் ஒன்றல்ல. வேண்டிய கார்டுகள் மாறும். இரண்டு பாட்டையும் இணைக்கும் அந்த நாலைந்து பார் பாலத்தை எழுதிய பிறகு ‘வரிசையை மாற்றிக்கலாமே’ என்று யாராவது சொன்னால் எல்லாவற்றையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும்.

மெதுவான பாட்டு முன்னே, வேகமானது பின்னே என்பது பெரும்பாலும் சரி. அதைவிட முக்கியமாக நான் பார்ப்பது முதல் பாட்டின் கடைசி ஸ்வரம் நீண்டு நிற்கிறதா என்பது. நீண்டு நின்றால் அதன் அடியில் கார்டை மாற்ற இடம் கிடைக்கும். சைலன்ட் நைட்டின் கடைசிச் சொல் தாராளமாக நிற்கிறது. ஜாய் டு த வேர்ல்ட் முடிகிற வேகத்தில் அப்படி இடம் கிடைக்காது. ஆகவே சைலன்ட் நைட் முன்னே.

3. ஸ்கேலைக் குரல்தான் முடிவு செய்யும்

புதியவர்கள் செய்வது இதற்கு நேர்மாறு. கீபோர்டில் சுலபமான C-யில் ஒரு பாட்டு, G-யில் ஒரு பாட்டு என்று எடுத்துவிட்டுப் பிறகு குரலை அதற்குள் திணிப்பார்கள். கார்டுகள் அழகாக இணையும், பாட முடியாது.

சைலன்ட் நைட்டுக்குத்தான் வீச்சு அதிகம், ஒரு ஆக்டேவும் அதற்கு மேல் ம வரையும். அதனால் அதை முதலில் நிறுத்துங்கள். A-யில், அதாவது 6 கட்டையில் வைத்தால் கீழ் எல்லை நடு C-க்குக் கீழே உள்ள A. மேல் எல்லை நடு C-க்கு அடுத்த ஆக்டேவின் D. கலந்து பாடும் குழுவில் பெண் குரல்களுக்கு இது வசதியான எல்லை. C-யில் வைத்தால் அதே இடம் F வரை ஏறிவிடும், பாதிப் பேர் வாயை மட்டும் அசைப்பார்கள்.

ஜாய் டு த வேர்ல்டுக்கு ஒரு ஆக்டேவ்தான் என்பதால் C, D, Eb எதிலும் உட்காரும். D-யில், அதாவது 2 கட்டையில் வைத்தால் மேல் எல்லை அதே D. முந்தைய பாட்டில் ஏற்கெனவே தொட்ட ஸ்வரம்தான், புதிதாக எங்கும் ஏற வேண்டியதில்லை.

ஆக நம்மிடம் இருப்பது A, பிறகு D. இந்த இரண்டும் உறவா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

4. உறவை அளப்பது எப்படி

அரைக் கட்டை வித்தியாசம் என்றால் நெருக்கம் என்று நினைப்பதுதான் இந்த வேலையில் மிகப் பரவலான தவறு. C-யும் C#-ம் கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள்தான். ஆனால் இரண்டு மேஜர் ஸ்கேலுக்கும் பொதுவாக ஒரு மூன்று ஸ்வரக் கார்டுகூடக் கிடையாது. கட்டையில் பக்கம், கார்டில் தூரம்.

உறவை அளக்க வேண்டியது எத்தனை ஸ்வரம் மாறுகிறது என்பதை வைத்து. முதல் பாட்டின் ம அல்லது ப, இரண்டாம் பாட்டின் ஸ ஆனால், ஒரே ஒரு ஸ்வரம்தான் மாறும். அப்போது 4 கார்டுகள் பொதுவாக இருக்கும். முதல் பாட்டின் ரி அல்லது சின்ன நி புதிய ஸ ஆனால் இரண்டு ஸ்வரம் மாறும், பொதுக் கார்டு 2 தான். அதற்கு மேல் விலகினால் பொதுக் கார்டே இல்லை. மேஜரிலிருந்து மேஜருக்குப் போகும்போது இந்தக் கணக்கு எந்த ஸ்கேலுக்கும் பொருந்தும்.

A ஸ்கேலில் ம என்பது D. ஆக நம் ஜோடி முதல் வகை. இரண்டு ஸ்கேலையும் எழுதிப் பார்த்தால் மாறுகிற ஸ்வரம் எது என்று தெரியும்:

```
A ஸ்கேல்:  A  B  C#  D  E  F#  G#
D ஸ்கேல்:  D  E  F#  G  A  B   C#
```

G# போய் G வருகிறது. மற்ற ஆறும் அப்படியே. இந்த G, G# இரண்டையும் தாளில் வட்டமிட்டு வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு முடிவும் இதைச் சுற்றித்தான்.

5. பொதுக் கார்டுகளில் ஒன்றைத் தேர்தல்

இரண்டு ஸ்கேலிலும் இயல்பாக வரும் ஆறு கார்டுகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுங்கள்:

```
A:  A   Bm  C#m  D  E  F#m
D:  D   Em  F#m  G  A  Bm
```

இரண்டிலும் இருப்பவை A, D, Bm, F#m. இவை நான்கிலும் G-யும் இல்லை, G#-ம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் இவை பொது. காதுக்கு அந்தக் கணத்தில் நாம் எந்த ஸ்கேலில் இருக்கிறோம் என்று சொல்ல ஆதாரம் கிடைக்காது. பழைய பாட்டின் கார்டு என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள், அதே கார்டைப் புதிய பாட்டின் கார்டாக வைத்து நாம் வெளியே வந்துவிடலாம். கோயம்பேட்டில் ஒரு பஸ்ஸில் இறங்கி அதே நிலையத்திலிருந்து வேறு பஸ் ஏறுவது போல.

நான்கில் எது என்று முடிவு செய்ய இரண்டு சோதனை போதும்.

முதல் சோதனை: பாடுகிறவர்கள் கடைசியாக நிறுத்தும் ஸ்வரம் அந்தக் கார்டுக்குள் இருக்கிறதா? சைலன்ட் நைட் ஸ-வில், அதாவது A-யில் முடிகிறது. Bm-இன் ஸ்வரங்கள் B, D, F#. அதில் A இல்லை. Bm7 ஆக்கினால் A வந்துவிடும் என்றாலும், நீண்டு நிற்கும் கடைசிச் சொல்லுக்குக் கீழே அது அவ்வளவு உறுதியாக ஒலிக்காது. Bm-ஐ விட்டுவிடலாம்.

இரண்டாம் சோதனை: அந்தக் கார்டு ஏதாவது ஒரு பாட்டின் வீடா, அதாவது அந்தப் பாட்டு வந்து அடங்கும் ஸ கார்டா? A என்பது பழைய பாட்டின் வீடு. அதில் நின்றால் பாட்டு முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைப்பார்கள், கைதட்டலும் வந்துவிடும். D புதிய பாட்டின் வீடு. அதில் இப்போதே போய் நின்றுவிட்டால் இரண்டாம் பாட்டு தொடங்கும்போது வந்து சேர்ந்த உணர்வு இருக்காது, ஏற்கெனவே அங்கேதானே இருக்கிறோம்.

மிஞ்சுவது F#m. அதன் ஸ்வரங்கள் F#, A, C#. கடைசி ஸ்வரமான A உள்ளே இருக்கிறது. A ஸ்கேலில் அது ஆறாவது கார்டு, D ஸ்கேலில் மூன்றாவது. E7-க்குப் பிறகு A வரும் என்று காது காத்திருக்கும் இடத்தில் F#m வந்தால், பாட்டு முடியாமல் இன்னொரு கதவு திறந்தது போல ஆகிறது. பாடுகிறவர்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை, வழக்கமான அதே A-யைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். இந்தக் காரணத்துக்காகவே மேஜர் பாட்டு ஸ-வில் முடிந்தால் நான் முதலில் ஆறாவது கார்டைத்தான் முயன்று பார்ப்பேன்.

6. பாலத்தை எழுதுதல்

பொதுக் கார்டு மட்டும் போதும் என்று நினைத்து F#m-லிருந்து நேராக D-க்குத் தாவுகிறவர்கள் உண்டு. வாசித்துப் பாருங்கள். D வரும், ஆனால் அது A ஸ்கேலின் நாலாவது கார்டாகவே கேட்கும். ஏனென்றால் G# போய்விட்டது என்று இன்னும் யாரும் காதுக்குச் சொல்லவில்லை.

ஆகவே பொதுக் கார்டுக்கு அடுத்து வரும் கார்டில் மாறிய ஸ்வரம், அதாவது G, கட்டாயம் இருக்க வேண்டும். G அல்லது Em இரண்டில் ஒன்று. அதன் பிறகு புதிய ஸ்கேலின் ஐந்தாவது கார்டு A7. அதன் பிறகு வீடு.

```
பழைய முடிவு:  A  | E7 | A   | A
புதிய முடிவு:   A  | E7 | F#m | F#m || G | A7 || D ...
                 (3 பீட்)               (4 பீட்)
```

A7-இல் ஏழாவது ஸ்வரம் அலங்காரம் அல்ல, பாலம் அதன் மேல்தான் நிற்கிறது. வெறும் A வாசித்தால் அது சற்று முன்பு வரை வீடாக இருந்த கார்டு. காது ‘திரும்பி வந்துவிட்டோம்’ என்று எடுத்துக்கொள்ளும். பாடுகிறவர்கள் ஜாய் டு த வேர்ல்டை A-யிலேயே தொடங்கிவிடுவார்கள், இசை D-யில் இறங்கும். இந்த ஜோடியில் ஒத்திகையில் நான் பார்க்கிற முதல் விபத்து எப்போதும் இதுதான். ஏழாவது ஸ்வரமான G உள்ளே வந்தால் A7 வீடாக இருக்க முடியாது. G கீழே F#-க்கு இறங்கப் பார்க்கும், C# மேலே D-க்கு ஏறப் பார்க்கும். இரண்டும் சந்திக்கிற இடம் D.

G-யை இரண்டு பாரிலும் தொடர்ந்து ஒலிக்க விடுங்கள். G கார்டிலும் அது இருக்கிறது, A7-லும் இருக்கிறது. வலது கையில் அந்த விரலை எடுக்காமல் மற்றவற்றை மட்டும் நகர்த்தினால் மாற்றம் வழுக்கிக்கொண்டு போகும். பேஸ் கிட்டார் F#, G, A என்று படிப்படியாக ஏறி D-க்குப் போகட்டும்.

ஒரு எச்சரிக்கை. F#m பிடித்திருக்கும் இரண்டு பாரில் கீபோர்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார், ஏதாவது ஓட்டம் போடத் தோன்றும். போடலாம், ஆனால் அதில் G#-ம் வரக் கூடாது, G-யும் வரக் கூடாது. G# வந்தால் பழைய ஸ்கேல் இன்னும் கெட்டிப்படும். G வந்தால் மாற்றம் ஒரு பார் முன்கூட்டியே வெளியே தெரிந்துவிடும். F#, A, B, C#, E இந்த ஐந்துக்குள் விளையாடினால் ஆபத்தில்லை.

7. மூன்று பீட்டிலிருந்து நான்குக்கு

ஸ்கேல், பீட், வேகம் மூன்றும் மாற வேண்டும். மூன்றையும் ஒரே இடத்தில் மாற்றினால் குழு சிதறும். ஒவ்வொரு பாரில் ஒன்றாக மாற்றுங்கள்.

F#m-இன் இரண்டு பாரும் பழைய மூன்று பீட், பழைய வேகம். இங்கே கார்டு மட்டும்தான் புதிது. G-யில் பீட் நான்காகிறது, வேகம் அப்படியே. A7-இல்தான் வேகம் மாறுகிறது. டிரம்ஸ்காரர் அந்த நான்கு பீட்டையும் குச்சியால் புதிய வேகத்தில் தட்டிக்காட்டுவார், அடுத்த பார் பாட்டு. டிரம்ஸ் இல்லாத குழுவில் கீபோர்டு இடது கையால் A-யை நான்கு முறை தெளிவாக அடித்தால் அதே வேலை நடக்கும்.

சைலன்ட் நைட்டை மூன்று பீட்டில் எண்ணி நிமிடத்துக்கு 96, ஜாய் டு த வேர்ல்டை நான்கு பீட்டில் எண்ணி 116 என்று வைத்துப் பார்க்கலாம். உங்கள் குழுவின் வேகம் வேறாக இருக்கலாம். எண்ணைவிட முக்கியம், இரண்டையும் தனித்தனியே பாடும்போது மெட்ரோனோமில் பார்த்துக் குறித்துவைப்பது. மனக்கணக்கில் விட்டால் மெதுவான பாட்டின் கடைசியில் எல்லோரும் இழுப்பார்கள், அந்த இழுத்த வேகமே அடுத்த பாட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். கடைசி வரியை இழுத்து முடிக்கும் பழக்கத்தை மெட்லியில் கட்டாயம் நிறுத்த வேண்டும். இழுத்தால் அது முடிவு போலக் கேட்கும், நமக்கு வேண்டியது முடியாத முடிவு.

8. முதல் ஸ்வரத்தைக் கையில் கொடுத்தல்

பாடுகிறவர்கள் நிற்பது கீழ் A-யில். அடுத்துப் பிடிக்க வேண்டியது மேல் D. நடுவே ஒரு ஆக்டேவுக்கு மேலே நான்கு ஸ்வர தூரம். கார்டுகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தத் தாவலை யாரும் கணக்குப் போட்டுப் பாட மாட்டார்கள். யாராவது காட்ட வேண்டும்.

F#m, G, A7, D நான்கு கார்டிலும் மேல் ஸ்வரமாக முறையே A, B, C#, D வைக்க முடியும். D ஸ்கேலில் சொன்னால் ப த நி ஸ. கீபோர்டின் வலது கையில் இந்த நான்கும் எல்லாவற்றுக்கும் மேலே, மற்றவற்றைவிடச் சற்று உரக்கக் கேட்க வேண்டும்:

```
           F#m    G     A7    D
மேலே:     A      B     C#    D
நடுவே:    F#     G     G     A
கீழே:      C#     D     E     F#
பேஸ்:      F#     G     A     D
```

ப த நி வரை கேட்ட எவருக்கும் அடுத்தது ஸ என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வயலினோ புல்லாங்குழலோ இருந்தால் இந்த வரியை அதற்குக் கொடுங்கள், கீபோர்டைவிட நன்றாகத் தனித்துத் தெரியும்.

நான்கு குரலில் பாடும் குழு என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. மெலடி A-யில் நிற்பது சரி, C#-இல் நிற்கும் குரலும் F#m-க்குள் இருக்கிறது, அதுவும் சரி. E-யில் நிற்பவர்களால் கார்டு F#m7 ஆகும், கொஞ்சம் மென்மையாக ஒலிக்கும், கெட்டுப்போகாது. ஆனால் பேஸ் குரல்கள் பழக்கத்தில் E-யிலிருந்து A-க்குப் போய்விட்டால் F#m-ஆகவே கேட்காது, பழைய A கார்டுதான் கேட்கும். அவர்கள் மட்டும் கடைசிச் சொல்லில் E-யிலிருந்து ஒரு படி ஏறி F#-இல் நிற்க வேண்டும். அவர்களுடைய தாளில் சிவப்புப் பேனாவால் குறித்துக் கொடுங்கள். அதுவும் கடைசிச் சரணத்தில் மட்டும். முன் சரணங்களில் F#-க்குப் போனால் அடுத்த சரணத்துக்கான வீடு கலைந்துவிடும்.

9. கேப்போவும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானும்

கிட்டார்காரருக்கு நல்ல செய்தி. இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ போட்டு G வடிவில் வாசித்தால் A ஒலிக்கும். அதே கேப்போவில் C வடிவம் D ஆகும். எதையும் கழற்ற வேண்டியதில்லை:

```
ஒலிப்பது:           A    F#m   G    A7   D
கேப்போ 2, கிட்டார்:  G    Em    F    G7   C
ட்ரான்ஸ்போஸ் -3:    C    Am    Bb   C7   F
```

கடைசி வரி, C-யில் மட்டுமே வாசித்துப் பழகிய கீபோர்டுக்காரருக்கு. -3 வைத்துவிட்டு C-யில் வாசித்தால் A கேட்கும். இங்கே பலர் செய்வது, முதல் பாட்டு முடிந்ததும் பொத்தானை அழுத்தி வேறு எண்ணுக்குப் போய் மறுபடி C-யிலேயே இரண்டாம் பாட்டை வாசிப்பது. அப்படிச் செய்தால் பாலம் வாசிக்கும் நேரத்தில் ஒரு கை பொத்தானில் இருக்கும். தவிர, பொதுக் கார்டின் முழுப் பயனும் அது நிற்காமல் தொடர்ந்து ஒலிப்பதில்தான் இருக்கிறது. பொத்தானைத் தொடாமல் ஜாய் டு த வேர்ல்டை F-இல் வாசிக்கப் பழகிக்கொள்வதே சரி. அந்தப் பாட்டின் கார்டுகள் குறைவு, பழகிவிடலாம்.

மெல்லிசைக் குழுவில் ஸ்ருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருந்தால் பொதுக் கார்டு வரும்போது அதை நிறுத்திவிட வேண்டும். A-யும் E-யும் பின்னால் இரைந்துகொண்டிருக்கும்வரை காது A-யை விட்டு நகராது.

10. ஒத்திகை

முதல் பாட்டை ஆரம்பத்திலிருந்து பாடிக்கொண்டு வராதீர்கள். இணைப்புக்கு வரும்போது எல்லோரும் களைத்திருப்பார்கள், தவறினால் திரும்ப முதலிலிருந்து. சைலன்ட் நைட்டின் கடைசி வரி, பாலம், ஜாய் டு த வேர்ல்டின் முதல் வரி. இதை மட்டும் சுற்றிச் சுற்றிப் பாடுங்கள், முதலில் டிரம்ஸ் இல்லாமல்.

பாலம் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. A7-இல் எல்லாக் கருவிகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, பாடுகிறவர்களிடம் ‘இப்ப ஸ பாடுங்க’ என்று கேளுங்கள். பெரும்பாலோர் D பாடினால் ஸ்கேல் மாறிவிட்டது. A பாடினால் மாறவில்லை. அப்போது பார்க்க வேண்டியவை இந்த வரிசையில்: யாரோ A7-க்குப் பதில் வெறும் A வாசிக்கிறார்களா, F#m-இல் யாராவது G# தொடுகிறார்களா, பேஸ் F#-க்குப் பதில் A-யில் நிற்கிறதா. மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றும் சரியாக இருந்தும் A பாடினால் பாலம் குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். G-க்கும் A7-க்கும் நடுவே ஒரு பார் Em சேர்த்துப் பாருங்கள். மேலே ஏறும் வரியில் அந்தப் பாருக்கும் B-யே பொருந்தும்.

ஸ சரியாகப் பாடிவிட்டு, பாட்டைத் தொடங்கும்போது மட்டும் தடுமாறினால் குற்றம் ஸ்கேலில் இல்லை, வேகத்தில். A7 பாரின் எண்ணிக்கை தெளிவாகக் கேட்கவில்லை.

11. ஜோடி இப்படி அமையாவிட்டால்

முதல் பாட்டின் ம அல்லாமல் ப இரண்டாம் பாட்டின் ஸ ஆக வேண்டியிருந்தால், அதாவது A-யிலிருந்து E-க்கு, அதே F#m உதவும். E ஸ்கேலில் அது இரண்டாவது கார்டு. F#m, B7, E என்று போனால் போதும். மாறுகிற ஸ்வரம் இப்போது D-க்குப் பதில் D#, அது B7-க்குள்ளேயே இருக்கிறது. அதனால் நடுவே தனியாக இன்னொரு கார்டு தேவையில்லை.

மைனர் பாட்டிலிருந்து அதன் உறவு மேஜருக்கு, உதாரணமாக Am-லிருந்து C-க்கு, போவது சுலபம் என்று தோன்றும். சங்கராபரணத்தின் த-வை ஸ ஆக்கினால் நடபைரவி வருகிற அதே கணக்குதான், ஸ்வரங்கள் எல்லாமே பொது. சிக்கலும் அங்கேதான். எல்லாக் கார்டும் பொது என்பதால் எதுவும் மாறியதாகத் தெரியாது, C வந்தாலும் Am பாட்டின் நடுவில் வந்த C போலவே இருக்கும். G7-ஐ ஒரு முழு பார் நிறுத்தி C-யைக் காட்ட வேண்டும்.

பொதுக் கார்டே இல்லாத ஜோடி என்றால் முதலில் மூன்றாம் படிக்குத் திரும்பிப் போய், ஏதாவது ஒரு பாட்டை அரை அல்லது ஒரு கட்டை நகர்த்தினால் உறவு கிடைக்கிறதா என்று பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட ஜோடிகளில் குரலுக்கு அந்த அளவு இடம் இருக்கும். முடியவே முடியாது என்றால் பொதுக் கார்டுக்குப் பதில் ஒரே ஒரு பொது ஸ்வரம். C-யிலிருந்து A-க்குப் போக, C கார்டில் உள்ள E-யை மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்தி மற்றவற்றை விட்டுவிடுங்கள், அதே E-யின் கீழ் E7 கொண்டுவந்து A-யில் இறங்குங்கள். வழுக்கிக்கொண்டு போகாது, ஒரு திருப்பம் போலத் தெரியும். அந்த இடத்தில் பாடுகிறவர்களை நிறுத்திவிட்டு இசைக்கு மட்டும் இரண்டு பார் கொடுத்துவிடுங்கள்.